இன்னும் இரண்டு குழாய் இறக்கலாமா?

கேள்வி: நிலத்தடி நீர் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கிணற்று நீரைச் சோதித்ததில், கடல்நீர் நிலத்தடி வழியாக உள்ளே வந்திருப்பது தெரிந்தது. அந்த ஊர் மக்களிடம் முடிவைச் சொல்லும்போது, நிலத்தடி நீரை ஒரு தொட்டி என்றும், கடல்நீர் அதற்குள் பக்கச் சுவர் வழியாகக் கசியும் அழுக்குநீர் என்றும் உவமை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முடிவில் ஒரு விவசாயி எழுந்து, "அப்ப இன்னும் ரெண்டு பைப் இறக்குனா நல்ல தண்ணி கெடச்சிரும்ல?" என்று கேட்டார். நான் எங்கே தவறினேன்? அடுத்த மாதம் மறுபடியும் பேச வேண்டும். பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

— ஆய்வு மாணவி, நாகப்பட்டினம் மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

அந்த விவசாயி நீங்கள் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. மிகச் சரியாகப் புரிந்துகொண்டார். சுவரில் கசிவு உள்ள தொட்டி என்றால், கசிவுக்குக் கீழே குழாயை இறக்குவதுதான் புத்தியுள்ளவர் செய்யும் வேலை. உவமையைக் கேட்பவர் அதைக் கேட்டு ரசித்துவிட்டுப் போவதில்லை. அதற்குள் நுழைந்து, நடமாடிப் பார்த்து, அங்கிருந்தே ஒரு முடிவையும் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். ஆகவே ஓர் உவமையைத் தேர்ந்தெடுக்கும் முன், அது அறிவியலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இதை ஒருவர் முழுமையாக நம்பினால் நாளைக் காலையில் தன் மோட்டார் கொட்டகையில் என்ன செய்வார் என்றும் கேட்டுப் பாருங்கள். தொட்டி உவமை அவரைக் கடன் வாங்கவைத்து, இன்னும் ஆழமாகப் போர் போடவைத்து, நேராக உப்புநீரில் கொண்டுபோய் நிறுத்தும்.

நம் மாநிலத்தின் பெரும்பகுதி பாறை நிலம். அங்கெல்லாம் தண்ணீர் வற்றினால் ஆழத்துக்குப் போவதே வழக்கமாகிவிட்டது. உறவினர் வழியாகவும் போர் வண்டிக்காரர்கள் வழியாகவும் அந்தப் பழக்கம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. ஆழம் என்றால் நல்ல தண்ணீர் என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கடலோர மணலில் நிலைமை நேர்மாறானது. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகப் போனாலும் உப்பு, மேலே இருந்தபடியே வேகமாக இழுத்தாலும் உப்பு. உங்கள் இரண்டு ஆண்டு ஆய்வில் அந்த ஊருக்குத் தெரிந்தாக வேண்டியது இந்த ஒன்றுதான். பத்து நிமிடத்தில் இது மட்டும் ஊன்றிவிட்டால் போதும்.

மிதப்பதற்குக் காரணம் எடை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். இந்த 25 கிராம் வேறுபாட்டிலிருந்துதான் 1889இல் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாக ஒரே கணக்கை எழுதினார்கள்: நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி இருந்தால், கீழே நாற்பது அடி வரை அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும். மூன்றடி இருந்தால் நூற்றிருபது அடி. இது உங்களுக்குப் பாடமாகத் தெரியும். மக்களிடம் சொல்லும்போது அடியிலேயே சொல்லுங்கள். அங்கே எவரும் மீட்டரில் குழாய் வாங்குவதில்லை.

ஆனால் "மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும்" என்ற வாக்கியத்தைத் தனியாக விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூட்டத்தில் நான் அப்படி விட்டுவிட்டேன். மோட்டார் ஓடும்போது தன் கிணற்றில் மட்டம் ஐந்தடி இறங்குவதைப் பார்த்திருந்த ஒருவர், இருநூறு அடி உப்பு ஏறிவிட்டதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு, நன்றாக இருந்த கிணற்றையே கைவிடப் போனார். மோட்டார் ஓடும் நேரத்தில் கிணற்றுக்குள் இறங்கி, நிறுத்தியதும் திரும்ப ஏறும் மட்டத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. சுற்றுவட்டாரம் முழுவதும் நீர்மட்டம் இறங்கி, இறங்கிய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும்போதுதான் உப்பு அந்த அளவுக்கு ஏறும். இடையில் களிமண் அடுக்கு இருந்தால் கணக்கு வேறு. இந்த வரம்புகளை எண்ணைச் சொன்ன அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்டவர் வீட்டுக்கு எடுத்துப் போவது எண்ணைத்தான்.

இனி உவமைக்கு வருவோம். பாடநூல்கள் இந்த இடத்தில் பனிப்பாறையைச் சொல்லும். பார்த்தறியாத பொருளை வைத்து இன்னொரு பார்த்தறியாத பொருளை விளக்க முடியாது, அதை விட்டுவிடுங்கள். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் எல்லோருக்கும் தெரியும், எனவே அதைச் சொல்லத் தோன்றும். நானும் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பிசகு உண்டு: எண்ணெயும் நீரும் கலக்காது. கேட்பவர் மண்ணுக்கடியில் கோடு போட்டதுபோல் ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு ஓர் அங்குலம் மேலே வரை பயமில்லை என்று எடுத்துக்கொள்வார். நல்ல நீரும் உப்புநீரும் கலக்கும். இரண்டுக்கும் நடுவே சப்பைத் தண்ணீர் ஒரு பட்டையாக நிற்கும். போர் முதலில் தொடுவது அந்தப் பட்டையைத்தான்.

உங்களுக்கு வேண்டிய உவமை அந்த ஊரிலேயே இருக்கிறது. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்கள் அங்கே இன்னும் இருப்பார்கள். முழங்கால் ஆழத்துக்கு மணலை அள்ளிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடியில் தெளிந்த தண்ணீர் சுரந்து நிற்கும். கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றிவிட்டு, மறுபடியும் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மளமளவென்று மொண்டால் தண்ணீர் கரிக்கும். போதவில்லையே என்று இன்னும் ஒரு கை ஆழம் தோண்டினால் அதற்குப் பிறகு அந்த ஊற்று உதவாது. பக்கத்தில் வேறு ஊற்றுத் தோண்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆய்வேட்டில் எழுதியிருக்கும் அனைத்தும் இதில் இருக்கிறது: மிதத்தல், இழுக்கும் வேகத்தால் உப்பு மேலெழுதல், ஆழத்தின் ஆபத்து, ஒரே இடத்தில் இறைக்காமல் பரப்பி இறைப்பதன் பலன்.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். கூட்டத்தில் வயதில் மூத்த ஓர் அம்மாவிடம், "ஊத்துல தண்ணி எப்படிம்மா எடுப்பீங்க? அவசரமா எடுத்தா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் உங்களுக்கு ஒரே வாக்கியம்தான் வேலை: "அம்மா சொன்ன ஊத்துதான் உங்க போரு, கொட்டாங்கச்சிக்குப் பதிலா மோட்டார் இருக்கு, அவ்வளவுதான்." கையால் செய்து பழகிய ஒன்று உவமையாக வரும்போது, நீங்கள் நினைத்துப் பார்த்திராத கேள்விக்குக்கூட அவர்களே அதிலிருந்து சரியான விடையை எடுத்துக்கொள்வார்கள். தொட்டி உங்கள் உவமை, ஊற்று அவர்களுடையது.

காட்டுவதற்கும் ஒன்று வேண்டும். உயரமான கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி அளவுக்கு, நன்றாக உப்புக் கரைத்து மையோ வேறு நிறமோ கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். நிறம் உப்புநீரில்தான் இருக்க வேண்டும். அதன் மேல் நல்ல தண்ணீரை, நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்த கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடுங்கள். அவசரமாக ஊற்றினால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். வீட்டில் மூன்று முறையாவது செய்து பார்த்துவிட்டுப் போங்கள். பின்னால் ஒரு வெள்ளை அட்டை வைத்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சில் மெல்லிய குழாய் ஒன்றை மாட்டி, முனையை நல்ல தண்ணீரின் மேல்பகுதியில் வைத்து மெதுவாக இழுங்கள். தெளிந்த தண்ணீர் வரும். முனையைச் சற்று இறக்கி, வேகமாக இழுங்கள். அடியிலிருந்து நிறம் ஒரு கூம்பாக எழும்பிக் குழாய்க்குள் நுழைவதை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த நொடியில் நீங்கள் பேச வேண்டாம். கூட்டத்தில் எவராவது "ஊத்து மாதிரியே" என்பார்.

கடல்நீரில் உள்ளதைவிட அதிக உப்பைக் கரைத்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஜாடியில் அரை நிமிடத்தில் நடப்பது மணலில் நடக்க மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். சொல்லாவிட்டால் இரண்டு தவறான முடிவுகள் பிறக்கும். ஒருவர், தன் கிணறு இன்று நன்றாக இருப்பதால் ஆபத்தில்லை என்பார். இன்னொருவர், இரண்டு வாரம் மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் இனித்துவிடும் என்பார். இரண்டாமவருக்கு ஜாடி உவமை உதவாது. அங்கே உவமையை மாற்றுங்கள். பல ஆண்டு ஊறுகாய் போட்டு வைத்த பழைய மண்பானையை ஒரு தடவை கழுவினால் உப்பும் வாடையும் போவதில்லை, திரும்பத் திரும்ப ஊறவைத்துக் கொட்ட வேண்டும். மணலுக்கு நடுவே உள்ள களியிலும் உப்பு அப்படித்தான் ஏறிப் பிடித்துக்கொள்கிறது; பல மழைக்காலங்கள் நல்ல நீர் இறங்கிக் கழுவினால்தான் விடும். ஓர் உவமையால் எல்லாவற்றையும் இழுக்கப் பார்ப்பதைவிட, அது முடியும் இடத்தில் "இதுக்கு மேல இந்த ஜாடி சரிப்படாது" என்று வெளிப்படையாகச் சொல்லி அடுத்ததை எடுப்பது நல்லது.

அளவைப் பற்றி ஒன்று. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நீங்கள் அட்டவணை காட்டியிருப்பீர்கள். அதற்குப் பதிலாக ஒரு குடத்தைக் காட்டுங்கள். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் முக்கால் லிட்டர் மட்டும் கடல்நீர் கலந்தால் அது நூற்றுக்கு ஐந்து பங்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருப்பதால், அந்த முக்கால் லிட்டரே குடத்துத் தண்ணீரில் லிட்டருக்கு 950 மில்லிகிராமைச் சேர்த்துவிடும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில்கூட இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்சம் 1000. கிணற்றில் ஏற்கெனவே இருக்கும் குளோரைடையும் சேர்த்தால் அந்த வரம்பு தாண்டிவிடும். "ஒரு குடத்துக்கு முக்கால் லிட்டர் கடல் தண்ணி, குடிக்க ஆகாது" என்பது மட்டும் மேடைக்கு. மற்ற எண்கள் கேட்டவர்க்குச் சொல்ல உங்கள் கையில் இருக்கட்டும்.

பிறகு நிச்சயமாக ஒரு கேள்வி வரும்: இது கடல் தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும், உரமோ சாக்கடையோ ஏன் காரணமாக இருக்கக் கூடாது? குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு மசாலாப் பொடியைச் சொல்லலாம். ஒரு வீட்டுப் பொடியில் மிளகாய்க்கும் மல்லிக்கும் ஒரு கணக்கு உண்டு. குழம்பில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காரம் குறையுமே தவிர அந்தக் கணக்கு மாறாது. கடல்நீரிலும் அப்படி: எடையில் ஏறத்தாழ 290 பங்கு குளோரைடுக்கு ஒரு பங்கு புரோமைடு. கிணற்று நீரில் எவ்வளவு நீர்த்திருந்தாலும் அந்த விகிதம் தெரிந்தால், அது கடலின் பொடி. சமையல் உப்பு படிகமாகும்போது புரோமைடின் பெரும்பகுதி வெளியே தங்கிவிடுவதால், வீட்டுக் கழிவுநீரில் விகிதம் இதைவிட மிக உயர்ந்து காணும்.

இந்த உவமை முடியும் இடம் உங்கள் ஊரில் மிக முக்கியமானது. இறால் பண்ணைக் குட்டைகளிலும் கடல்நீர்தான் இருக்கிறது. குட்டையிலிருந்து கசிந்து வந்தாலும் அதே விகிதம்தான் தெரியும். பொடி கடலுடையது என்று சொல்லுமே தவிர, எந்த வாசல் வழியாக வந்தது என்று அது சொல்லாது. கிராமத்தில் பண்ணை வைத்திருப்பவரும் அதனால் நிலம் கெட்டது என்று நினைப்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் சான்று அந்த வழக்கைத் தீர்த்துவிட்டதாகத் தோன்றவிடாதீர்கள். ஆழ வாரியாக அளந்திருந்தால் மட்டும் பேசுங்கள்: குட்டைக் கசிவில் உப்பு மேலே அதிகமாகவும் கீழே போகக் குறைந்தும் தொடங்கும், கடல்நீர் அடியிலிருந்து வரும்போது கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்கும். குட்டைக்கு அருகிலுள்ள கிணறுகளில் அப்படி அளக்கவில்லை என்றால், "இந்த நாலு கெணத்துக்கு எனக்கு இன்னும் தெரியல, அளந்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

சொற்களில் ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். 'கடல்நீர் ஊடுருவல்' என்பது ஆய்வேட்டில் இருக்கட்டும். அந்தக் கரையில் "கடல் உள்ளே வந்துவிட்டது" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்களுக்கு அது வேறு பொருள் தரும். அதன் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது. "மண்ணுக்கு அடியில உப்புத் தண்ணி மேல ஏறுது" என்பது போதும், அது உண்மைக்கும் நெருக்கமானது.

அடுத்தது, என்ன செய்வது என்று கேட்பார்கள். ஊற்று உவமையில் நின்றே பதில் சொல்லலாம்: ஆழமான ஒரு போருக்குப் பதிலாக ஆழம் குறைந்த, தள்ளித் தள்ளி அமைந்த கிணறுகள், ஒரே மூச்சில் இறைக்காமல் இடைவெளி விட்டு இறைப்பது, மழைநீரைக் குளத்தில் தேக்கி மட்டத்தை உயர்த்துவது. நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது என்றாலும், அதுவும் ஆண்டுகள் எடுக்கும். பக்கத்து வயல்காரர் இரவெல்லாம் இறைத்தால் ஒருவர் மட்டும் நிதானமாக மொள்வதில் பயன் குறைவு என்பதையும் மறைக்க வேண்டாம். ஊற்றுத் தோண்டியவர்களுக்கு அதுவும் தெரியும்.

பேசி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் போன முறை தலையாட்டினார்கள். போன முறை கேள்வி கேட்ட அந்த விவசாயியிடமே போய், "ஐயா, உங்க மச்சான் இன்னைக்குக் கூட்டத்துக்கு வரல. அவரு போருல தண்ணி கரிக்குது, ரெண்டு பைப் இறக்கட்டுமான்னு கேக்குறாரு. நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். "இறக்காதேன்னு சொல்வேன்" என்று அவர் சொன்னாலும் நிறுத்தாமல், "ஏன்னு கேட்டா?" என்று ஒரு முறை கேளுங்கள். அவர் ஊற்றையோ ஜாடியையோ கையால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் ஆய்வு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் சொன்ன வாக்கியத்தையே அவர் திருப்பிச் சொன்னால், சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து, ஒரு முறை அவரையே இழுக்கச் சொல்லுங்கள்.